நூல் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ஸ்கேல் எடுங்க

"யாருடா இது, உங்க அப்பத்தாவா?"

போன தீபாவளிக்கு அம்மாச்சி என்கிட்ட கேட்ட கேள்வி இது. அவங்க கையில இருந்தது, நான் நாலு மாசம் ஹாஸ்டல்ல ராத்திரி ராத்திரி உக்காந்து தைச்ச அவங்களோட சொந்த முகம்! என் தங்கச்சி வரைஞ்ச படத்தை ஒரு இலவச இணையதளத்துல ஏத்தி, கிராஸ் ஸ்டிச் சார்ட்டா மாத்தி, ஒரு கட்டம் கூட விடாம தைச்சிருந்தேன். சார்ட்ல இருந்ததை அப்படியே தைச்சதால தையல்ல தப்பு எதுவும் இல்லை. தப்பு சார்ட்லயே இருந்துச்சு. முதல் ஊசி குத்துறதுக்கு முன்னாடியே என் அம்மாச்சி அதுல இல்லை.

இந்த செமஸ்டர்ல நம்ம காலேஜ்ல நிறைய பேர் கிராஸ் ஸ்டிச் பக்கம் வந்திருக்கீங்க. நண்பரோட படம், நாய்க்குட்டி, ஊர்க் கோயில் கோபுரம்னு ஆளுக்கு ஒரு படத்தை சார்ட்டா மாத்திக்கிட்டு இருக்கீங்க. உங்ககிட்ட நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். கம்ப்யூட்டர் கொடுக்குற சார்ட் ஒரு வரைவு மட்டும்தான். அதை மூணு விஷயத்துக்காகச் சோதிக்காம நூல் வாங்கப் போகாதீங்க. முதல்ல தையலோட அளவு, அடுத்து நுணுக்கமான கோடுகள், கடைசியா நிறங்களோட எண்ணிக்கை. இந்த வரிசையும் முக்கியம். முதல்ல தப்பு விட்டா பின்னாடி வர்ற ரெண்டையும் சரி பண்ணவே முடியாது.

இதுவரை தைக்காதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். கிராஸ் ஸ்டிச் துணியில ஓட்டைகள் கட்டம் கட்டமா நெய்தே வரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெருக்கல் குறி போடுறோம். சார்ட்ல ஒரு கட்டம்னா துணியில ஒரு பெருக்கல் குறி. பாதி கருப்பு, பாதி வெள்ளைன்னு ஒரு கட்டத்துக்குள்ள முழுத் தையல் போட முடியாது. என் கதையோட மொத்தப் பிரச்சினையும் இந்த ஒரு வரியில இருக்கு.

அளவு

ஐடா துணியில 14 கவுண்ட்னா ஒரு அங்குலத்துக்கு 14 கட்டம்னு அர்த்தம். 25.4 மில்லிமீட்டரை 14-ஆல வகுத்தா ஒரு தையல் 1.8 மி.மீ. 18 கவுண்ட்ல அது 1.4 மி.மீ. இதை எல்லாரும் பார்ப்போம். ஆனா நாம பார்க்காத இன்னொரு அளவு இருக்கு: ஒரு கட்டம் *படத்துல* எத்தனை மில்லிமீட்டரை விழுங்குதுங்கிறது.

தங்கச்சி ஏ4 தாள்ல வரைஞ்சிருந்தா. அம்மாச்சி திண்ணையில சாய்ஞ்சு உக்காந்திருக்கிற மாதிரி இடுப்பு வரைக்கும் இருக்குற படம், 18 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம். இணையதளம் "எத்தனை தையல் அகலம்?"னு கேட்டுச்சு. 100-னு போட்டேன். ஏன் 100? உருண்டையான எண்ணா இருந்துச்சு, அவ்வளவுதான். 180 மி.மீ.-ஐ 100-ஆல வகுத்தா, ஒரு கட்டத்துக்குள்ள படத்தோட 1.8 மி.மீ. போகுது. படத்துல அம்மாச்சியோட ஒரு கண் 9 மி.மீ. அகலம், 4 மி.மீ. உயரம். அதாவது 5 கட்டம் அகலம், 2 கட்டம் உயரம். மேல் இமை, கருவிழி, கீழ் இமை மூணையும் ரெண்டு வரிசைக் கட்டத்துல எப்படி வைப்பீங்க? நான் வைக்கலை. சார்ட்டும் வைக்கலை. ரெண்டு பழுப்புக் கோடுதான் வந்துச்சு.

துணியிலயும் ஒரு கோளாறு இருந்துச்சு. கடையில மேட்டி துணி கேட்டு வாங்கினேன். பார்க்க ஐடா மாதிரியேதான் இருந்துச்சு. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் ஸ்கேல் வச்சு எண்ணினேன். குறுக்கே ரெண்டு அங்குலத்துக்கு 26 கட்டம், நெடுக்கே ரெண்டு அங்குலத்துக்கு 28. அப்போ குறுக்கே 13, நெடுக்கே 14. முகம் கிட்டத்தட்ட 8 சதவீதம் அகலமாகிப் போச்சு. அம்மாச்சிக்கு ஒடுங்கின முகம், அப்பத்தாவுக்கு வட்ட முகம். குழப்பம் பாதி அங்கேயே ஆரம்பிச்சிருச்சு.

அதனால துணியை வாங்குறப்பவே ரெண்டு திசையிலயும் ரெண்டு ரெண்டு அங்குலம் எண்ணுங்க. ஒரு அங்குலம் மட்டும் எண்ணினா அரைக் கட்டம் தப்பிப் போகும். ரெண்டு எண்ணும் ஒண்ணா இல்லைன்னா அந்தத் துணியை மேசை விரிப்புக்கு வச்சுக்கோங்க, முகத்துக்கு வேண்டாம்.

"சரி, கட்டத்தைக் கூட்டிட்டா போதுமே?"ன்னு கேக்கலாம். கூட்டலாம், ஆனா கணக்கு பாருங்க. 100-க்கு 140 போட்டா 14,000 தையல். அதே படத்தை 150-க்கு 210 ஆக்கினா 31,500. அகலம் ஒன்றரை மடங்குதான், வேலை ரெண்டே கால் மடங்கு. எனக்கு ஒரு மணி நேரத்துக்குச் சுமாரா 120 தையல் வரும். 14,000-க்கே 116 மணி நேரம் ஆச்சு. 31,500-ன்னா 260 மணி நேரத்துக்கு மேல. இறுதியாண்டு புராஜெக்டை வச்சுக்கிட்டு அது நடக்காது.

இதைவிட நல்ல வழி படத்தை வெட்டுறது. ரெண்டாவது தடவை திண்ணையையும் மடியையும் விட்டுட்டு, தலையும் தோளும் மட்டும் எடுத்தேன். 11 செ.மீ. அகலம், 14 செ.மீ. உயரம். அதை 110-க்கு 140 கட்டமா போட்டேன். மொத்தம் 15,400 தையல், முன்னைவிட பத்து சதவீதம்தான் கூட. ஆனா இப்போ ஒரு கட்டத்துக்கு 1 மி.மீ. கண்ணுக்கு 9-க்கு 4 கட்டம் கிடைச்சிருச்சு. நாலு வரிசையில கண் வரும். 14 கவுண்ட் ஐடாவுல இது சுமார் 20 செ.மீ.க்கு 25 செ.மீ. வரும், சுவத்துல மாட்ட சரியான அளவு. துணி வெட்டுறப்போ நாலு பக்கமும் மூணு அங்குலம் கூட விட்டேன், ஃபிரேம் போடுறவருக்கு மடிக்கத் துணி வேணும்.

நுணுக்கம்

அளவு முடிவானதும் படத்து மேல ஸ்கேல் வச்சு, "இது இல்லைன்னா இவங்க இவங்களா இருக்க மாட்டாங்க"ங்கிற விஷயங்களை மட்டும் அளந்து எழுதுங்க. என் பட்டியல்ல மூணு இருந்துச்சு: கண்ணாடி ஃபிரேம், மூக்குத்தி, சுங்குடிச் சேலையோட புள்ளி. முதல் சார்ட்ல மூணுமே செத்துப் போயிருந்துச்சு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமா செத்துச்சு, அதைப் புரிஞ்சுக்கிட்டா உங்க படத்துலயும் எது போகும்னு முன்னாடியே சொல்லிடலாம்.

கண்ணாடி ஃபிரேமை தங்கச்சி 0.5 மி.மீ. பேனாவால வரைஞ்சிருந்தா. 1.8 மி.மீ. கட்டத்துல அந்தக் கோடு 28 சதவீதம் இடத்தைத்தான் நிரப்பும். மென்பொருள் கட்டத்துக்குள்ள இருக்குற எல்லா நிறத்தையும் சராசரி எடுக்கும். 28 சதவீதக் கருப்பும் 72 சதவீதத் தோல் நிறமும் சேர்ந்தா கொஞ்சம் கறுத்த தோல் நிறம்தான் வரும். கருப்பு வராது. சில மென்பொருள் சராசரி எடுக்காம கட்டத்தோட நடுப்புள்ளியை மட்டும் பார்க்கும். அங்கே கோடு சிக்கின இடத்துல கருப்பு, சிக்காத இடத்துல ஒண்ணுமில்லைன்னு விட்டு விட்டு வரும். கோடு மங்கிப் போனா முதல் வகை, துண்டு துண்டானா ரெண்டாவது வகை.

மூக்குத்தி 1 மி.மீ. புள்ளி. பழைய கட்டத்துல அது கால்வாசி இடம். கன்னத்துல கரைஞ்சு போச்சு.

சுங்குடிப் புள்ளிதான் சுவாரசியமானது. படத்துல 3 மி.மீ.க்கு ஒரு புள்ளி. 1.8 மி.மீ. கட்டத்துல 1.67 கட்டத்துக்கு ஒரு புள்ளின்னு ஆகுது. சிக்னல்ஸ் பாடத்துல நைக்விஸ்ட் படிச்சது ஞாபகம் இருக்கா? திரும்பத் திரும்ப வர்ற ஒரு விஷயத்துக்கு ஒரு சுற்றுக்குக் குறைஞ்சது ரெண்டு மாதிரி எடுக்கணும். இங்கே ரெண்டு கட்டம் கூட இல்லை. அதனால புள்ளிகள் காணாம மட்டும் போகலை, இல்லாத ஒரு டிசைன் முளைச்சிருச்சு. ரெண்டு கட்டம் தள்ளி ஒண்ணு, மூணு கட்டம் தள்ளி ஒண்ணு, நடுவுல திட்டுத் திட்டா வெளிர் பச்சை. சேலை சாயம் போன மாதிரி இருந்துச்சு. கோயில் கோபுரம், ஜன்னல் கம்பி, கட்டம் போட்ட சட்டை, பாய் எது வரைஞ்சாலும் இது உங்களுக்கு வரும்.

புது அளவுல, அதாவது ஒரு கட்டத்துக்கு 1 மி.மீ.ங்கிறப்போ, மூக்குத்தி சரியா ஒரு கட்டம். புள்ளி மூணு கட்டத்துக்கு ஒண்ணு. ஆனாலும் மென்பொருள் அதைச் சரியா வைக்கும்னு நம்பலை. தங்கச்சி கையால வச்ச புள்ளிங்கிறதால முன்ன பின்ன இருக்கும், ரெண்டு கட்டத்துக்கு நடுவுல விழுந்தா மறுபடியும் மங்கும். அதனால சேலைப் பகுதியை முழுப் பச்சையாக்கி, புள்ளிகளை மூணு கட்டத்துக்கு ஒண்ணா நானே எண்ணி வச்சேன். அரை மணி நேரம் ஆச்சு.

கண்ணாடி ஃபிரேம் இப்பவும் அரைக் கட்டம்தான். அதுக்குப் பெருக்கல் குறி பதில் இல்லை. பின்தையல்தான் பதில். அதாவது எல்லாம் தைச்சு முடிச்சப்புறம், ஒத்தை இழைக் கருப்பு நூலால, ஓட்டைக்கு ஓட்டை கோடு இழுக்குறது. அது கட்டத்துக்குள்ள அடங்காது, கட்டங்களுக்கு மேல ஓடும். அச்செடுத்த சார்ட்ல சிவப்புப் பேனாவால ஃபிரேமை வரைஞ்சு வச்சுக்கிட்டேன். எந்த மென்பொருளும் நீங்க சொல்லாம பின்தையலை உங்களுக்காக யோசிச்சு வைக்கும்னு எதிர்பார்க்காதீங்க.

நிறம்

இப்போதான் நிறத்துக்கு வரணும். நம்ம ஆளுங்க ஆரம்பிக்கிறதே இங்கேதான். "கூடக் கூட நிறம் போட்டா ஒரிஜினல் மாதிரி வரும்"னு ஒரு நம்பிக்கை இருக்கு. நானும் 30 போட்டேன். இப்போ யோசிச்சா சிரிப்பு வருது. தங்கச்சி வரைஞ்சது 12 கலர் பென்சில் டப்பாவும் ஒரு கருப்புப் பேனாவும் வச்சுத்தான். அதுல 30 நிறம் எங்கிருந்து வந்துச்சு?

சார்ட்டோட நூல் பட்டியலை எடுத்து, எந்த நிறத்துக்கு எத்தனை தையல்னு பார்த்தா தெரியும். என்னோடதுல 8 நிறம் வெள்ளையும் சாம்பலுமா இருந்துச்சு. அது அம்மாச்சியோட முடி இல்லை, *தாள்*. மொபைல்ல போட்டோ எடுத்தப்போ ஒரு பக்கம் விழுந்த என் நிழல்! வெறும் நிழலுக்கு எட்டு நூல் கண்டு வாங்கித் தைச்சிருக்கேன். இன்னும் 6 நிறத்துக்கு ஒவ்வொண்ணுக்கும் 20 தையல் கூட இல்லை. ஒரு கண்டு 8 மீட்டர், ஆறு இழை. ரெண்டு இழையா தைச்சா 14 கவுண்ட்ல வீணாகுறது போக 1,500 தையலாவது வரும். 12 தையலுக்காக ஒரு கண்டு வாங்கினேன்.

இவ்வளவு வாங்கியும் பட்டியல்ல சிவப்பு இல்லை. அம்மாச்சி நெத்தியில குங்குமம் பழுப்பா வந்துச்சு. ஏன்னு கேட்டா, நிறத்தைக் குறைக்கிற பொதுவான முறைகள் பரப்பளவைத்தான் பார்க்கும். 1982-ல பால் ஹெக்பர்ட் எழுதின மீடியன் கட் முறை இன்னைக்கும் புழக்கத்துல இருக்கு. அது எல்லாப் புள்ளிகளையும் நிறத்தின்படி ஒரு பெட்டிக்குள்ள போட்டு, ஒவ்வொரு தடவையும் புள்ளிகள் பாதிப் பாதியா பிரியுற மாதிரி வெட்டிக்கிட்டே போகும். நிறையப் புள்ளி இருக்குற இடத்துக்கு நிறையப் பெட்டி கிடைக்கும். தாளுக்குப் பல ஆயிரம் கட்டம், குங்குமத்துக்கு ரெண்டு. ரெண்டு கட்டத்துக்கு எவன் தனிப் பெட்டி கொடுப்பான்? பக்கத்து வீட்டுப் பழுப்போட சேர்த்து விட்டுரும். கணக்குல அது சரி. முகத்துல அது தப்பு.

ரெண்டாவது தடவை பகல் வெளிச்சத்துல ஸ்கேன் பண்ணினேன், முதல் வேலையா பின்னணி முழுக்க ஒரே வெள்ளையா நிரப்பினேன். அந்த வெள்ளையைத் தைக்கவே இல்லை, துணியே பின்னணி. அப்புறம் 15 நிறம்னு முடிவு பண்ணி, கம்ப்யூட்டர்கிட்ட 13 மட்டும் கேட்டேன். மிச்ச ரெண்டு இடம் குங்குமத்துக்கும் மூக்குத்திக்கும். அதை நானே கையால வச்சேன். பைதான் தெரிஞ்சவங்களுக்கு இது போதும்:

```python
from PIL import Image

im = Image.open("ammachi.png").convert("RGB")
im = im.resize((110, 140), Image.BOX)
im = im.quantize(13).convert("RGB")
for n, rgb in sorted(im.getcolors()):
    print(n, rgb)
im.resize((1100, 1400), Image.NEAREST).save("preview.png")
```

இது குறைஞ்ச தையல் உள்ள நிறத்துல ஆரம்பிச்சுப் பட்டியல் கொடுக்கும். பட்டியலோட மேல் பக்கத்தைப் பாருங்க. 20, 30 தையல் மட்டும் உள்ள நிறம் ஒவ்வொண்ணையும் "நீ யாரு?"ன்னு கேளுங்க. கண்ணோட வெளிச்சமா இருந்தா இருக்கட்டும். கோட்டு ஓரத்துல வந்த கலங்கலா இருந்தா பக்கத்து நிறத்துல சேர்த்திருங்க. இணையதளத்துல பண்ணுறவங்க டித்தரிங்னு ஒரு தேர்வு இருந்தா அணைச்சு வைங்க. அது ரெண்டு நிறத்தைப் புள்ளி புள்ளியா கலந்து மூணாவது நிறம் மாதிரி காட்டும். திரையில அழகு. தைக்கிறப்போ ஒவ்வொரு கட்டத்துக்கும் நூல் மாத்தி, பின்பக்கம் முடிச்சுக் காடாயிரும்.

கடைசிச் சோதனை ரெண்டு. ஒண்ணு, அந்த `preview.png` படத்தைக் கருப்பு வெள்ளையா மாத்திப் பாருங்க. மூக்கும் கன்னமும் ஒண்ணாக் கலந்துருச்சுன்னா, நீங்க தேர்ந்தெடுத்த தோல் நிறங்கள் பேர்லதான் வேற, வெளிச்சத்துல ஒண்ணு. ஒண்ணை எடுத்துட்டு இன்னும் கறுத்த ஒண்ணைப் போடுங்க. நான் டிஎம்சி 433, 434, 435, 436-ன்னு வரிசையா எடுத்திருந்தேன். மூக்கோட நிழல் எழும்பவே இல்லை. 898 அடர் காபிப் பழுப்பு சேர்த்தப்புறம்தான் மூக்கு வந்துச்சு. இன்னொண்ணு, கடையில நூலை வாசல் வெளிச்சத்துல பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. திரையில தெரியுற நிறமும் நூலோட நிறமும் ஒண்ணு இல்லை.

இதையெல்லாம் சொன்னப்போ ரூம்மேட் கேட்டான், "மனசு லேசாகத்தானேடா தைக்கிறோம், அதுலயும் லேப் ரெக்கார்டு மாதிரி கணக்கா?" நியாயமான கேள்விதான். ஆனா கணக்கு ஒரு சாயங்காலம். தையல் நாலு மாசம். அந்த ஒரு சாயங்காலத்தை மிச்சம் பிடிச்சுத்தான் நான் நாலு மாசத்தை விட்டேன். கணக்கு முடிஞ்சிருந்தா அப்புறம் தைக்கிறது உண்மையிலேயே லேசு, ஏன்னா "இது அவங்க மாதிரி வருதா?"ன்னு ஒவ்வொரு ராத்திரியும் வயித்துல புளி கரையாது. பெரிய போட்டோவை 90 நிறத்துல தைக்கிறவங்க இருக்காங்க, அவங்க வழி வேற. கையால வரைஞ்ச படம் ஏற்கெனவே ஒருத்தர் வேண்டியதை வச்சு வேண்டாததை விட்ட படம். தங்கச்சி யோசிச்சு வச்ச மூக்குத்தியைப் பரப்பளவு கம்மின்னு ஒரு புரோகிராம் எடுத்துப் போட நாம விடக் கூடாது. எது முக்கியம்னு அதுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

ரெண்டாவது படம் முடிஞ்சு போன மாசம் ஊருக்குக் கொண்டு போனேன். அம்மாச்சி கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. "நான்தான்"னாங்க. அப்புறம் பக்கத்துல கொண்டு போய்ப் பார்த்துட்டு, "எட்டுக் கல் மூக்குத்திடா இது. ஒரு கல்லுதான் வச்சிருக்க"ன்னாங்க.

ஒரு கட்டத்துக்குள்ள எட்டுக் கல் வராது அம்மாச்சி. அதுக்கு மூக்கை மட்டும்தான் தைக்கணும்.